15 பவுன் மஹர்: தஃப்தரின் ஒரு பக்கமும் ஜமாஅத் மினிட் புத்தகத்தின் மூன்று வரியும்

அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, 2009-ல் நடந்த நிக்காஹ் பதிவான தஃப்தர் பக்கத்தின் ஜெராக்ஸ். மற்றது, கணவர் வீட்டார் தட்டச்சு செய்து அனுப்பிய ஒரு பக்கக் கடிதம். அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா ஒரே வாரத்துல முடிஞ்சிரும்னு சொல்றாங்க. போடவா?"

கடிதத்தைப் படித்தேன். 'நானாக விரும்பி என் கணவரிடமிருந்து குலா கேட்கிறேன். எனக்குரிய மஹரை விட்டுக்கொடுக்கிறேன்' என்று இருந்தது. குலா என்றால் மனைவியே கேட்டு வாங்கும் மணவிலக்கு. அதைக் கேட்கும் எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை. மணவிலக்கு வேண்டும் என்று சொன்னவர் கணவர். 2018-லிருந்து பிரிந்து வாழ்பவரும் அவரே. ஆனால் அவராகத் தலாக் சொன்னால், நிக்காஹில் மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட மஹர் முழுவதையும் கொடுக்க வேண்டும். மனைவி குலா கேட்டதாக எழுதிவிட்டால் மஹர் கழன்றுவிடும். அந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான்.

கையெழுத்துப் போடவில்லை. அதிலிருந்து 15 பவுன் கைக்கு வர மூன்று ஆண்டு ஆனது. அந்த வழக்கு எந்த இடத்தில் நின்றது, எந்த இடத்தில் விழப் பார்த்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கத்து ஊர், ராவுத்தர் குடும்பம், ஹனஃபி மத்ஹப். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை பாத்திமா என்று வைத்துக்கொள்வோம்.

தஃப்தரில் என்ன இருந்தது

பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர் நீளமான கணக்குப் புத்தகம் போல இருக்கும். ஒரு நிக்காஹுக்கு ஒரு பக்கம். வரிசை எண், ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி, மணமகன் பெயரும் தகப்பனார் பெயரும், மணமகள் பெயரும் தகப்பனார் பெயரும், வலீ, இரண்டு சாட்சிகள், மஹர், நடத்திவைத்த இமாம், கையெழுத்துகள். பல ஊர்களில் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வந்த வக்கீலின் பெயரும் இருக்கும். இந்த வக்கீல் கோர்ட் வக்கீல் இல்லை. பெண் சார்பில் பேச அனுப்பப்படும் உறவினர்.

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஒரே சபையில் ஒரு தரப்பு சொல்வது ஈஜாப், மறுதரப்பு ஏற்பது கபூல். தஃப்தர் இந்த ஒப்பந்தத்தை உண்டாக்குவதில்லை, நடந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது. அதனால் தஃப்தரில் மஹர் எழுதப்படாமல் போனாலும் மஹர் உண்டு. தொகை பேசாமலே நிக்காஹ் நடந்திருந்தால் அந்தக் குடும்பத்தில் அவளைப் போன்ற பெண்களுக்கு என்ன மஹரோ அது கடமையாகும். அதை மஹர் மிஸ்ல் என்பார்கள். எழுதியிருந்தால் மெய்ப்பிக்கும் வேலை பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாத்திமாவின் பக்கத்தில் மஹர் கட்டத்தில் நீல மையில் இப்படி இருந்தது: 'மஹர் 15 பவுன் தங்கம், முஅஜ்ஜல்.'

இந்தக் கடைசிச் சொல்தான் வழக்கின் நடுவில் வந்து நின்றது. அரபியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, உடனே தர வேண்டிய மஹர். மனைவி கேட்ட அன்றே கொடுக்க வேண்டும். இன்னொன்று, தவணை மஹர். தலாக்கோ மரணமோ திருமணத்தை முடிக்கும்போது கொடுக்க வேண்டும். முதல் சொல்லில் நடுவில் ஐன் எழுத்து, இரண்டாவதில் ஹம்ஸா. அரபியில் எழுதினால் தெளிவாகத் தெரியும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'முஅஜ்ஜல்'. எழுதிய ஹஜ்ரத் அதற்குள் மவுத்தாகிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

கணவர் தரப்பு சொன்னது

குலா கடிதம் திரும்பி வராததால் கணவர் தலாக் அனுப்பினார். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது 2017-ல் ஷாயரா பானு தீர்ப்பில் விழுந்தது. 2019 சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகிவிட்டது. அது தெரிந்து, மாதத்துக்கு ஒன்றாக மூன்று பதிவுத் தபால் அனுப்பினார். 2021 ஆகஸ்டில் மூன்றாவது வந்தது.

இந்த இடத்தில் ஒன்றை யோசிக்க வேண்டியிருந்தது. சமரச முயற்சி நடக்கவில்லை, காரணம் சரியில்லை என்று சொல்லி அந்தத் தலாக்கை நாங்கள் எதிர்த்திருக்கலாம். ஆனால் தலாக் செல்லாது என்று நாங்களே சொன்னால் திருமணம் நிலைத்திருக்கும். அப்புறம் தவணை மஹரைக் கேட்க வழியில்லை. பாத்திமாவுக்கும் அந்த வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. எனவே தலாக்கை ஒப்புக்கொண்டே வழக்குப் போட்டோம்.

அவர் தலாக் அனுப்பாமல் இழுத்தடித்திருந்தாலும் குலா ஒன்றே வழி என்றில்லை. 1939-ம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், இரண்டு ஆண்டு பராமரிக்காத கணவரிடமிருந்து நீதிமன்றம் மூலம் விலகலாம். அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு, இப்படி விலகுவதால் மனைவியின் மஹர் உரிமை பாதிக்காது என்று ஒரே வரியில் சொல்கிறது. ஜமாஅத்துக்கு மனுக் கொடுக்கும் பெண்களில் பலருக்கு இந்த ஒரு வரி தெரிவதில்லை.

நாங்கள் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். 15 பவுன் மஹர், அவளுடைய அத்தா வீட்டில் போட்ட நகைகள், தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் இத்தா காலச் செலவு என்று தனித்தனியாகக் கேட்டோம். பதில் வந்தது. அதில் இரண்டு வாதங்கள். ஒன்று, 15 பவுனும் கல்யாணத்தன்று நகையாகவே கொடுத்தாயிற்று. இரண்டு, அப்படியே கொடுக்கவில்லை என்றாலும் இது உடனடி மஹர். பாத்திமா 2016-லேயே ஜமாஅத்தில் கேட்டுவிட்டாள். கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். 2019-லேயே காலக்கெடு முடிந்துவிட்டது.

பொதுவாக உடனடி மஹர் என்று சொல்வது மனைவியின் தரப்பாகத்தான் இருக்கும். கணவர் மஹரைக் கொடுக்காதபோது சேர்ந்து வாழ மறுக்க அது அவளுக்குத் துணை நிற்கும். எழுத்தில் தெளிவில்லை என்றால் மஹர் முழுவதையும் உடனடியாகக் கருதலாம் என்ற பழைய தீர்ப்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் உண்டு, அதுவும் பெண்ணுக்கு நல்லதை நினைத்துச் சொன்னதுதான். இங்கே கணவரின் வக்கீல் அதையே எடுத்து எங்கள் மீது திருப்பினார். திறமையான வாதம். பதிலைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மினிட் புத்தகம்

2016-ல் உண்மையில் என்ன நடந்தது என்று பாத்திமாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். கணவர் வளைகுடாவிலிருந்து வந்திருந்த நேரம், வீட்டில் சண்டை, பேச ஜமாஅத்தில் கூப்பிட்டார்கள். அங்கே அவளுடைய அத்தா மஹர் பேச்சை எடுத்தார். அவ்வளவுதான் அவளுக்கு நினைவில் இருந்தது.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியிடம் போனோம். முதலில் தயங்கினார். இரண்டு குடும்பமும் அதே மஹல்லா, அவருக்கும் சங்கடம். அப்புறம் பீரோவைத் திறந்து மினிட் புத்தகத்தை எடுத்தார். 2016-ம் ஆண்டுப் பக்கத்தில், இரண்டு தரப்பும் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டதாக எழுதியபின் மூன்று வரி: 'மஹர் 15 பவுன் பாக்கி இருப்பதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். மாப்பிள்ளை அதை ஒப்புக்கொண்டு, ஊரில் வீடு கட்டி முடித்தபின் தருவதாகச் சொன்னார்.' கீழே கணவர், அவருடைய தகப்பனார், பாத்திமாவின் அத்தா, நிர்வாகிகள் மூன்று பேர் கையெழுத்து.

அந்த மூன்று வரி இரண்டு வாதத்தையும் ஒன்றாகச் சாய்த்தது. 2009-லேயே கொடுத்தாயிற்று என்றால் 2016-ல் பாக்கி என்று ஏன் ஒப்புக்கொண்டார்? சரி, காலக்கெடு? கேட்டது இருக்கிறது, மறுத்தது எங்கே? 'பிறகு தருகிறேன்' என்பது மறுப்பு ஆகாது. கேட்பதும் மறுப்பதும் இரண்டும் சேர்ந்தால்தான் உடனடி மஹருக்குக் கெடு ஓடத் தொடங்கும். மறுப்பே இல்லாதபோது திருமணம் முறிந்த நாள்தான் தொடக்கம். அதாவது 2021. தவணை மஹர் என்று வைத்தாலும் அதே 2021. 'முஅஜ்ஜல்' எந்த முஅஜ்ஜல் என்ற கேள்விக்கு நீதிமன்றம் கடைசி வரை விடை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

2016-ல் அவர் முகத்துக்கு நேராக 'தர முடியாது' என்று சொல்லி அது எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேர்ந்து வாழ்ந்துகொண்டே கணவர் மீது மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட எந்தப் பெண்ணால் முடியும்? அந்த உரிமை காலாவதியாகும் அபாயம் நிஜமாகவே இருந்தது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிறேன்: கணவர் மறுத்துவிட்டால் அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தருகிறேன் என்றால் எழுதி வாங்குங்கள்.

கொடுத்துவிட்டேன் என்ற வாதத்தை அவர் அப்படியும் விடவில்லை. கொடுத்ததை மெய்ப்பிக்கும் சுமை கணவருடையது. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் மாப்பிள்ளை வீட்டார் போட்ட ஒரு சங்கிலி தெரிந்தது. நகைக் கடை பில்லும் காட்டினார், 5 பவுன். அந்தச் சங்கிலியை மஹராகக் கொடுக்கிறோம் என்று போடும்போது யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போடும் அன்பளிப்பைப் பின்னால் மஹரில் கழித்துக்கொள்ள முடியாது. தஃப்தரின் மற்றப் பக்கங்களையும் காட்டச் சொன்னோம். அதே ஆண்டில் சபையிலேயே மஹர் கொடுக்கப்பட்ட நிக்காஹ்களில் 'சபையில் பெற்றுக்கொண்டது' என்று ஹஜ்ரத் தனியாக எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்த வரி இல்லை. எழுதும் பழக்கமுள்ளவர் எழுதாமல் விட்டதும் ஒரு சான்றுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது

தலாக்குக்குப் பிறகு இரண்டு வழி உண்டு. 1986-ம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கில் உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 3-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். மஹர், கல்யாணத்தில் வந்த நகை, பொருள்கள், இத்தா காலச் செலவு, எதிர்காலத்துக்கான நியாயமான ஏற்பாடு எல்லாம் அதில் அடங்கும். ஒரு மாதத்தில் உத்தரவு போட வேண்டும் என்பது சட்டத்தின் சொல்; நடப்பில் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. உத்தரவை மீறினால் அபராதம் வசூலிப்பதுபோல வசூலிக்கலாம், ஓராண்டு வரை சிறையும் உண்டு. இன்னொரு வழி, குடும்பநல நீதிமன்றத்தில் பணம், நகை கேட்டு வழக்கு.

நாங்கள் பிரித்துக்கொண்டோம். இத்தா செலவையும் எதிர்கால ஏற்பாட்டையும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்டோம். மஹரைக் குடும்பநல நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனோம். காரணம் சொத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தபோது, மூன்றாவது தலாக் கடிதம் வந்த அடுத்த மாதமே கணவர் ஒரு மனையைத் தம்பி பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதியிருப்பது தெரிந்தது. மீதி இருந்தது, 2016-ல் சொன்ன அந்த வீடு மட்டும். அதுவும் போய்விட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் பயனில்லை. மஹர் ஒரு கடன்தான். எந்தச் சொத்தின் மீதும் தானாக அடமானமாக ஏறி உட்காராது. அதனால் வழக்கோடு சேர்த்தே, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யும் மனுவையும் போட்டோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-வது கட்டளை, 5-வது விதி. வில்லங்கச் சான்றின் அந்த ஒரு வரியைக் காட்டி, இவர் சொத்தைக் கைமாற்றுகிறார் என்றோம். பிணை கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை, வீடு ஜப்தியானது. மொத்த வழக்கிலும் மிகப் பயனுள்ள நாள் என்று எனக்குத் தோன்றுவது தீர்ப்பு வந்த நாளல்ல, இந்த நாள்.

மஹரைத் தங்கமாகப் பேசியதும் பாத்திமாவுக்கு நல்லதாய் முடிந்தது. 2009-ல் பவுன் சுமார் 11,000 ரூபாய். அன்றைய கணக்கில் 15 பவுன் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். கணவரின் வக்கீல் அந்தத் தொகையைக் கொடுக்கத் தயார் என்று ஒரு கட்டத்தில் சொன்னார். ஆனால் கடன்பட்டது எடை. ரூபாய் அல்ல. தங்கமாகக் கொடு, இல்லையேல் கொடுக்கும் நாளின் விலையைக் கொடு என்பதே எங்கள் கோரிக்கை. ஷா பானு வழக்கை நினைத்துப் பாருங்கள். 1932-ல் கல்யாணம், 1978-ல் தலாக், கணவர் மஹர் என்று நீதிமன்றத்தில் கட்டியது 3,000 ரூபாய். 46 ஆண்டில் அந்த ரூபாயின் மதிப்பு என்ன ஆகியிருக்கும்! இன்றும் 1,001 ரூபாய், 5,001 ரூபாய் என்று அழகுக்காக மஹர் எழுதும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதைக்கிறது.

2024 ஜனவரியில் தீர்ப்பு: 15 பவுன் தங்கம் அல்லது செலுத்தும் நாளின் சந்தை விலை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. தஃப்தரில் தரம் எழுதவில்லை. 'பவுன் என்றுதானே இருக்கிறது, 18 காரட்டில் தருகிறோம்' என்றார்கள். நம் ஊரில் நகைக்குப் பவுன் என்றால் 8 கிராம் 22 காரட் என்பது நடப்பு என்று நீதிபதி எழுதினார். இன்று நிக்காஹ் பேசுகிறவர்கள் '120 கிராம், 22 காரட்' என்று எழுதிவிட்டால் இந்த இரண்டு வாய்தா மிச்சம்.

கணவர் இறந்திருந்தால் வழி வேறு. மஹர் அப்போதும் கடனே. வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அது கொடுக்கப்பட வேண்டும், மனைவியின் வாரிசுப் பங்கு அதற்குமேல் தனி. மஹருக்காகச் சொத்தை முறையாகத் தன் அனுபவத்தில் வைத்திருக்கும் விதவை, கடன் தீரும் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்கவோ தானம் செய்யவோ முடியாது. மைனா பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது அது. ஜனாஸா வீட்டில் இருக்கும்போது பெண்ணைக் கூட்டிவந்து 'மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா' என்று சொல்லவைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. துக்கத்தில் அப்படிச் சொன்னது சுயவிருப்பம் ஆகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 1920-லேயே சொல்லியிருக்கிறது. குர்ஆன் 4:4 மஹரைப் பெண்ணே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டும் அனுபவிக்கலாம் என்கிறது. கஃபன் துணிக்கு முன்னால் நிற்கிறவளிடம் மனமுவந்தா என்று யார் கேட்கிறார்கள்?

தீர்ப்புக்குப் பிறகும் கணவர் அசையவில்லை. நிறைவேற்று மனுப் போட்டோம். ஜப்தியிலிருந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர அறிவிப்பு ஒட்டிய பிறகுதான் அவருடைய அண்ணன் ஃபோன் செய்தார். அதற்குள் பவுன் விலை 50,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

2024 ஆகஸ்டில் ஒரு மாலை, என் அலுவலகத்தில் மேசைமேல் நகை மதிப்பீட்டாளரின் மின்தராசு. நாணயங்களாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வைத்தார்கள். 120 கிராமும் சில மில்லிகிராமும் காட்டியது. பாத்திமா எண்ணைப் பார்த்துவிட்டு, ரசீதில் முதலில் மஹர் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்தார். 'நகை' என்று மட்டும் அடித்திருந்தார்கள். பேனாவை வாங்கி 'மஹர்' என்று எழுதச் சொன்னார். அண்ணன் எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிர்கால ஏற்பாட்டு வழக்கு இன்னும் பாக்கி இருந்தது. அந்த ரசீதை மஹருக்கு மட்டும் என்று அங்கே தாக்கல் செய்தோம்.